விரல், சட்டை, மேசை, மூக்குக்கண்ணாடி: நாலு இடத்தில் சிந்திய சூப்பர் குளூ

கேள்வி: உடைந்த கோப்பையின் கைப்பிடியை ஒட்டும்போது சூப்பர் குளூ குழாய் பக்கவாட்டில் பிளந்துவிட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டன. பதற்றத்தில் இழுத்துப் பிரித்தேன். ஆள்காட்டி விரலில் கொஞ்சம் தோல் உரிந்து எரிகிறது, மற்ற இடமெல்லாம் காய்ந்த பசை. பழைய பனியன் துணியால் துடைத்தபோது துணி சுட்டது, புகை மாதிரி வந்தது. சட்டையில் மிளகு அளவில் இரண்டு சொட்டு கெட்டியாகிவிட்டது. என்ன துணி என்று தெரியவில்லை, சீட்டு எப்போதோ கிழிந்துவிட்டது. வழவழப்பான மேசையிலும் மூக்குக்கண்ணாடி லென்ஸிலும்கூடத் தெறித்திருக்கிறது. வீட்டில் நெயில் பாலிஷ் ரிமூவர் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அதையே போடலாமா?

பதில்: போடக்கூடாது. ரிமூவரை மூடி எட்டத்தில் வைத்துவிடுங்கள். சட்டைக்குத் தேவைப்படலாம், அதுவும் ஒரு சின்னச் சோதனைக்குப் பிறகு. மேசைக்குக் கடைசி வழியாகத் தேவைப்படலாம். தோல் உரிந்த விரலில் வைத்தால் துள்ளிக் குதிப்பீர்கள். மூக்குக்கண்ணாடியில் வைத்தால் பசை போகும், கூடவே கண்ணாடியும் போய்விடும். நாலு இடத்திலும் இருப்பது ஒரே பசைதான், ஆனால் அதன் அடியில் இருப்பவை நாலும் வேறு வேறு. எதைக் கொண்டு எடுப்பது என்பதை அடியில் இருக்கும் பொருளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் ஒரு நிம்மதி: அவசரம் எதுவும் இல்லை. பசை காய்ந்தாயிற்று, இனி அது பரவாது, ஆழமாகவும் இறங்காது. இந்த மாதிரி விபத்துகளில் பெரும்பாலான சேதம் பசையால் வருவதில்லை. சிந்திய பிறகு நாம் காட்டும் வேகத்தால் வருகிறது. உங்கள் விரலே அதற்குச் சாட்சி.

இந்தப் பசை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும். குழாய்க்குள் இருப்பது சயனோஅக்ரிலேட் என்ற நீர்மம். வண்ணப்பூச்சு மாதிரி ஈரம் ஆவியாகிக் காய்வது அல்ல இது. நேர்மாறாக, ஈரம் பட்டால்தான் இறுகும். காற்றிலும் பொருள்களின் மேலும் எப்போதும் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலமே போதும், அதன் மூலக்கூறுகள் சங்கிலிபோலக் கோத்துக்கொண்டு கெட்டிப் பிளாஸ்டிக்காக மாறிவிடும். 1942இல் துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்த ஹாரி கூவர் என்ற வேதியியலாளரின் குழு இதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கண்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறதே என்று ஒதுக்கி வைத்தது. 1958இல்தான் அது பசையாகவே விற்பனைக்கு வந்தது. தோலில் ஈரமும் வியர்வையும் எப்போதும் இருப்பதால், கோப்பையைவிட விரலில் அது வேகமாக ஒட்டுவதில் ஆச்சரியம் இல்லை.

காய்ந்த பிறகு உங்கள் விரலில் இருப்பது பசை அல்ல, மெல்லிய பிளாஸ்டிக் ஓடு. அதற்குச் சில பலவீனங்கள் உண்டு. நேராக இழுத்தால் மலைபோல் தாங்கும். ஆனால் ஓரத்திலிருந்து மெல்ல உரித்தாலோ உருட்டினாலோ விட்டுக்கொடுக்கும். நெயில் பாலிஷ் ரிமூவரில் பெரும்பாலும் இருக்கும் கரைப்பானான அசிட்டோன் பட்டால் ஊறி, வெளுத்து, கூழ்போல் இளகும். ஆனால் அதற்குச் சில நிமிடமாவது ஆகும், பட்டவுடன் கரைந்து ஓடாது. தண்ணீரும் நீண்ட நேரம் இருந்தால் அதன் பிடியைத் தளர்த்தும். அசிட்டோனுக்கு நிமிடக்கணக்கு என்றால் தண்ணீருக்கு மணிக்கணக்கு.

அந்தப் புகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த முறையும் கை தானாகப் பனியன் துணிக்குத்தான் போகும். பருத்தி நூலின் பரப்பு மிக அதிகம், அதில் ஈரமும் இருக்கும். நீர்மமாக இருக்கும் சூப்பர் குளூ அதில் ஊறினால் முழுவதும் ஒரே நொடியில் இறுகும். இறுகும்போது வெளிவரும் சூடும் ஒரே நொடியில் வரும். துணி கையைச் சுடும், கண்ணை எரிக்கும் புகை எழும், தோல் கொப்பளிக்கும் அளவுக்கும் போகலாம். கம்பளியும் இப்படித்தான். ஆகவே பஞ்சு, பருத்தித் துணி, பருத்திக் கையுறை எதுவும் ஈரமான சூப்பர் குளூ பக்கம் வரக்கூடாது. போட்டிருக்கும் உடையில் நிறையக் கொட்டிவிட்டால் அந்த இடத்தில் உடனே குளிர்ந்த தண்ணீரைத் தாராளமாக ஊற்றுங்கள். பசை அங்கேயே இறுகிவிடும், ஆனால் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். இது நீர்மப் பசைக்கு மட்டும். காய்ந்த பசையைப் பஞ்சால் தொட்டால் ஒன்றும் ஆகாது.

இப்போது விரல். தோல் உரிந்த இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி, சின்ன ஒட்டுப்பட்டை போட்டுவிடுங்கள். அந்த விரலுக்கு இன்றைக்கு வேறு வைத்தியம் வேண்டாம். துணி சுட்ட இடத்தில் தோல் வெளுத்தோ கொப்பளித்தோ இருந்தால் அது தீக்காயம், மருத்துவரிடம் காட்டுங்கள். காயத்தைச் சுற்றியிருக்கும் பசையை விட்டுவைக்கலாம், அது யாரையும் கடிக்காது.

காயமில்லாத கட்டைவிரலுக்கும் மற்ற பகுதிகளுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கிண்ணம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே கை வைத்தால் இதமாக இருக்கும் சூடு போதும். ஒரு தேக்கரண்டி சோப்புக் கரைசல் விட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள். இங்கே தண்ணீர் பசையைக் கரைக்கவில்லை. தோலின் மேலடுக்கு தண்ணீர் குடித்து உப்புகிறது. அதன் மேல் உள்ள ஓடு உப்புவதில்லை. ஒன்று விரிந்து மற்றது விரியாததால் ஓட்டின் ஓரம் கிளம்பத் தொடங்கும். துணி துவைத்தபின் விரல்நுனி சுருங்குமே, அந்த நிலைக்கு வந்துவிட்டால் தோல் தயார் என்று அர்த்தம். அப்போது நகத்தாலோ கரண்டிக் காம்பின் மழுங்கிய ஓரத்தாலோ கிளம்பிய ஓரத்தை மட்டும் தள்ளுங்கள். சுலபமாக வருகிற வரைக்கும்தான். வலித்தால் நிறுத்துங்கள், அந்த இடத்தில் ஓடு இன்னும் உயிருள்ள தோலைப் பிடித்திருக்கிறது என்று பொருள். சமையல் எண்ணெய் கொஞ்சம் தடவி, தண்ணீரில் மறுபடியும் ஒரு முறை ஊறவைத்தால் இன்னும் கொஞ்சம் வரும்.

வராமல் நிற்பதை என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். தோலின் மேலடுக்கு ஓயாமல் உதிர்ந்துகொண்டே இருப்பது. பசை பிடித்திருப்பதும் அந்த அடுக்கைத்தான். ஒன்றிலிருந்து நாலு நாளுக்குள் அதுவே செதில் செதிலாக விழுந்துவிடும். இது எனக்குப் பிடித்த வழி, ஆனால் விரல்நுனி சொரசொரவென்று எல்லாத் துணியிலும் மாட்டுவதைப் பலரால் பொறுக்க முடியாது என்பதும் புரிகிறது. அப்படியென்றால், காயமே இல்லாத தோலில் மட்டும், காதுகுடையும் பஞ்சுக்குச்சியை ரிமூவரில் நனைத்துப் பசையின் மேல் அரை நிமிடம், ஒரு நிமிடம் வைத்து எடுத்து, வெளுத்த பகுதியை உருட்டித் தள்ளுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவுங்கள். அசிட்டோன் தோலின் எண்ணெயை வழித்து எடுத்துவிடும்; தடவாவிட்டால் மறுநாள் வெடிப்பு வரும். சிறு குழந்தைக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம், எண்ணெயும் பொறுமையும் போதும். பிளேடு யாருக்கும் வேண்டாம்.

இன்னொரு தடவை விரல்கள் ஒட்டிக்கொண்டால் எதிரெதிராக இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு, ஒட்டின இடத்தின் ஓரத்தில் பென்சில் ஒன்றை நுழைத்து மெல்ல உருட்டிக்கொண்டே போங்கள். நேராக இழுக்கும்போது ஒட்டின பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் எதிர்க்கிறது. அந்தச் சண்டையில் தோற்பது தோல்தான், பசை அல்ல. உருட்டும்போது ஒரு நேரத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டுமே எதிர்க்கும், அது எளிதில் விடும்.

பசை பட்ட கையால் கண்ணைத் தேய்க்கிற பழக்கம் பலருக்கு உண்டு, ஆகையால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இமைகள் ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முயலாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவி, ஈரத் துணிப்பட்டை வைத்து மூடி, மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கண் பக்கமும் வாய் பக்கமும் எந்தக் கரைப்பானும் போகக்கூடாது.

சட்டைக்கு வருவோம். இதுதான் உண்மையில் கடினமானது. ஏனென்றால் பசை துணியின் மேல் உட்கார்ந்திருக்கவில்லை; ஈரமாக இருந்தபோது நூலுக்குள் ஓடி, இழைகளைச் சுற்றி இறுகிவிட்டது. சுரண்டி மட்டும் எடுக்க முடியாது. சுரண்டினால் இழையோடு வரும், ஓட்டை விழும். கரைப்பான் வேண்டும். பருத்தி, பாலியஸ்டர், நைலான், கம்பளி, பட்டு ஆகிய இழைகளை அசிட்டோன் கரைக்காது. அசிடேட், ட்ரைஅசிடேட், மோடாக்ரிலிக் வகை இழைகளைக் கரைக்கும் அல்லது உருக்குலைக்கும். அசிடேட் பார்க்கப் பட்டுப் போல மின்னும், உள்துணியாகவும் தைப்பார்கள். அதில் அசிட்டோன் பட்டால் பசை இருந்த இடத்தில் பசையும் இருக்காது, துணியும் இருக்காது.

உங்களிடம் சீட்டு இல்லை, ஆகையால் சட்டையையே கேட்க வேண்டியதுதான். உள்பக்கத் தையலோரத்தில் வெளியே தெரியாத மடிப்பிலிருந்து நாலைந்து நூலை வெட்டி எடுங்கள். தைத்த நூலை எடுக்காதீர்கள், நெய்த நூல் வேண்டும். எவர்சில்வர் கரண்டியிலோ கண்ணாடிக் கிண்ணத்திலோ போட்டு, ரிமூவர் பத்துச் சொட்டு விட்டு, மேலே ஒரு தட்டால் மூடி, ஐந்து நிமிடம் விடுங்கள். பிளாஸ்டிக் கரண்டி வேண்டாம். நூலுக்குப் பதில் கரண்டி கரைந்து உங்களைக் குழப்பும். பிறகு ஒரு ஊசியால் நூலைக் கிளறுங்கள். நூல் நூலாகவே பிரிந்து நின்றால் அசிட்டோன் போடலாம். பிசுபிசுவென்று ஒட்டினாலோ கூழானாலோ அது அசிடேட் போன்ற இழை. இந்த வழியை விட்டுவிடுங்கள். உள்துணியும் மேல்துணியும் வேறாக இருந்தால் இரண்டையும் தனித்தனியே சோதியுங்கள்.

இழை தாங்கினாலும் சாயம் தாங்குமா என்பது வேறு கேள்வி. அதே மடிப்பில் ஒரு சொட்டு விட்டு, வெள்ளைத் துணியால் அழுத்தி ஒரு நிமிடம் பிடியுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் பசை போனாலும் அங்கே வெளிறிய வட்டம் விழும். பசைப் பொட்டா, வெளிறிய வட்டமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அடர்நிறச் சட்டையில் வட்டம்தான் அதிகம் கண்ணில் படும் என்பது என் எண்ணம். அச்சிட்ட படங்கள், பளபளக்கும் ரப்பர்ப் பூச்சு, பிளாஸ்டிக் பொத்தான் அருகில் பசை இருந்தாலும் கவனம். துணி தாங்கும், அவை தாங்காது.

உங்கள் ரிமூவர் பாட்டிலையும் ஒரு முறை படித்துப் பாருங்கள். 'அசிட்டோன் இல்லாதது' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அதில் எத்தில் அசிடேட் இருக்கும். இந்தப் பசை மேல் அது மந்தமாகத்தான் வேலை செய்யும். அசிட்டோன் உள்ளதாக இருந்தாலும் நிறமும் எண்ணெயும் கலந்ததாக இருந்தால் சட்டையில் புதுக் கறை சேரும். நிறமற்ற சுத்தமான அசிட்டோனே துணிக்கு நல்லது. அது சட்டென்று தீப்பிடிக்கும். உறைகுளிர் அளவிலும் அதன் ஆவி தீப்பற்றும். அடுப்பு, விளக்குத் திரி, சிகரெட் எதுவும் அந்த அறையில் இருக்கக்கூடாது, சன்னல் திறந்திருக்க வேண்டும்.

வேலைக்குப் பீங்கான் தட்டோ எவர்சில்வர் தட்டோ கவிழ்த்து வைத்து, அதன் மேல் நாலாய் மடித்த வெள்ளைப் பருத்தித் துணி போடுங்கள். மேசை மேல் நேராகச் செய்தால் இன்னொரு கடிதம் எழுத வேண்டிவரும். சட்டையின் வெளிப்பக்கம் கீழே பார்க்க, பசைப் பொட்டு மடித்த துணியில் படும்படி வையுங்கள். இப்போது உள்பக்கத்திலிருந்து அரைத் தேக்கரண்டி அசிட்டோனைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பசை வந்த வழியே திரும்பிப் போக வேண்டும், துணியைக் கடந்து மறுபக்கம் போகக்கூடாது. அதற்குத்தான் இந்தத் தலைகீழ்.

இங்கேதான் பெரும்பாலானோர் தோற்கிறார்கள்: அசிட்டோன் அரை நிமிடத்தில் ஆவியாகிவிடும், பசை ஊறவோ ஐந்து நிமிடம் வேண்டும். ஆகவே விட்டவுடன் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை அந்த இடத்தின் மேல் கவிழ்த்துவிடுங்கள். ஆவி வெளியே போகாமல் உள்ளேயே நிற்கும், அதே அரைத் தேக்கரண்டி பத்து மடங்கு வேலை செய்யும். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். கண்ணாடிபோல் இருந்த பொட்டு வெளுத்து, அழுத்தினால் அமுங்கினால் ஊறிவிட்டது. சட்டையைத் திருப்பி, கரண்டி ஓரத்தால் பொட்டின் வெளி விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வழியுங்கள். நடுவிலிருந்து வெளியே வழித்தால் பொட்டு பெரிதாகும். உடனே கீழ்த்துணியின் சுத்தமான பகுதிக்கு நகர்த்தி மறுபடியும் அசிட்டோன், மறுபடியும் கிண்ணம். நகர்த்தாமல் அதே இடத்தில் தொடர்ந்தால் இளகிய பசை மறுபடியும் நூலில் ஏறி, காய்ந்ததும் அகலமான விறைப்பு வளையமாக நிற்கும். பசை போகவில்லை, பரவிவிட்டது என்று பலர் சொல்வது இதைத்தான்.

மிளகளவுப் பொட்டுக்கு மூன்று நாலு சுற்றாவது ஆகும். இரண்டாம் சுற்றில் ஒன்றும் நடக்காத மாதிரி தோன்றும், விட்டுவிடாதீர்கள். துணியை விரலால் மடக்கிப் பார்த்தால் சுற்றியுள்ள துணிபோலவே மடங்கினால் வேலை முடிந்தது. பிறகு வாசனை முற்றிலும் போகும்வரை காற்றில் தொங்கவிட்டு, அதற்குப் பின்னரே துவையுங்கள். அசிட்டோன் ஈரத்தோடு எந்த இயந்திரத்துக்குள்ளும் போடக்கூடாது. விறைப்பு மிச்சம் இருந்தால் இஸ்திரி போடாதீர்கள். சூட்டில் பசை இளகி இன்னும் உள்ளே இறங்கும், கண்ணைக் கரிக்கும் ஆவியும் வரும்.

சோதனையில் நூல் கூழாகியிருந்தால் மிஞ்சுவது குளிர்தான். சட்டையைப் பாலித்தீன் உறையில் போட்டு உறைபெட்டியில் ஒரு மணி நேரம் வைத்து, எடுத்தவுடன் பொட்டை மடக்கி நொறுக்குங்கள். குளிரில் பசை இன்னும் எளிதாக உடையும். மேலே திரண்டிருப்பது பொடியாக வரும். நூலுக்குள் இருப்பது அப்படியே இருக்கும், அதில் ஏமாற்றம் வேண்டாம். பிடித்தமான சட்டையென்றால், எதையும் போடாமல், எந்தப் பசை என்று சொல்லி உலர்சலவைக்காரரிடம் கொடுங்கள்.

மேசையைப் பற்றி நீங்கள் வழவழப்பு என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். கண்ணாடியா, லேமினேட்டா, வார்னிஷ் அடித்த மரமா? கண்ணாடி என்றால் கவலை இல்லை: அசிட்டோனில் நனைத்த பஞ்சை ஐந்து நிமிடம் வைத்து எடுத்தால் வழித்துவிடலாம். மரம்போல் தோன்றினால் விளிம்பைப் பாருங்கள். மேலே ஓடும் மரக்கோடு விளிம்பிலும் தொடர்ந்தால் மரம். மெல்லிய ஒரு தாள் அடுக்குப் போலக் கோடு தெரிந்து, அதன் கீழ் வேறு பொருள் இருந்தால் லேமினேட்.

லேமினேட்டில் தண்ணீரையே முதலில் நம்புங்கள். வெந்நீரில் நனைத்துச் சோப்பு விட்ட துணியைச் சொட்டின் மேல் மட்டும் மடித்து வைத்து, காயாமல் இருக்க மேலே பாலித்தீன் தாள் போட்டு, இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். பலகைகள் சேரும் இடுக்கில் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், உள்பலகை உப்பிவிடும். பிறகு பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றைப் படுக்கவைத்தாற்போலச் சாய்த்து ஓரத்திலிருந்து தள்ளினால், வழவழப்பான பரப்பில் பொட்டு பெரும்பாலும் 'டக்' என்று முழுசாகக் கிளம்பும். கிளம்பாத மெல்லிய படலத்துக்கு மட்டும் பஞ்சுக்குச்சியில் அசிட்டோன், அரை நிமிடத்துக்கு மேல் போகாமல், உடனே சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைப்பு. விளிம்புப் பட்டி பிளாஸ்டிக்காக இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

வார்னிஷ் அடித்த மரமென்றால் அசிட்டோன் கிட்டவே வரக்கூடாது. பல பூச்சுகள் ஒரு நிமிடத்தில் இளகி, கைரேகையே பதியும். நீண்ட ஈரமும் வேண்டாம், வெள்ளைப் புகைமூட்டம்போலத் தடம் விழும். எண்ணெய் சில சொட்டு விட்டு இரவு முழுவதும் விட்டு, காலையில் அட்டையால் ஓரத்தைச் சோதியுங்கள். வந்தால் சரி. வராவிட்டால் பொட்டைச் சுற்றி லேசாக ஒட்டும் காகித நாடாவை ஒட்டிப் பூச்சுக்குக் காப்புக் கொடுத்து, பொட்டின் உயரத்தை மட்டும் மெல்லச் சுரண்டித் தட்டையாக்குங்கள். நாடாவின் கனம் வரை வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் கெஞ்சினால் பசை வார்னிஷையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு வரும், ஏனென்றால் மரத்தோடு வார்னிஷுக்கு இருக்கும் பிடியைவிட வார்னிஷோடு பசைக்கு இருக்கும் பிடி வலுவாக இருக்கலாம். தட்டையான தெளிந்த பொட்டு கண்ணில் படாது. பெயர்ந்த வார்னிஷ் அறைக்குள் நுழையும்போதே தெரியும்.

பொட்டைச் சுற்றி வெண்ணிறப் பொடி படிந்ததுபோல் மங்கல் தெரிந்தால் பயப்படாதீர்கள், அது கீறல் அல்ல. இறுகுவதற்கு முன் பசையிலிருந்து எழுந்த ஆவி அக்கம்பக்கத்தில் படிந்து இறுகியது. விரல் பட்ட எண்ணெய்த் தடங்களில் அது விரும்பிப் படியும். மறைந்த கைரேகையைத் தடயவியலார் வெளிக்கொண்டுவருவது இந்தக் குணத்தை வைத்துத்தான். ஈரத் துணியில் ஒரு சொட்டு எண்ணெய் தடவித் தேய்த்தால் போய்விடும்.

கடைசியாக மூக்குக்கண்ணாடி. இன்று பெரும்பாலான லென்ஸ்கள் பிளாஸ்டிக், அவற்றின் மேல் ஒளி எதிரொளிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சு. அசிட்டோன் சில வகைப் பிளாஸ்டிக்கில் உடனே வெண்வெடிப்பை உண்டாக்கும், பூச்சையும் கெடுக்கலாம். சட்டத்தையும் பாருங்கள்: பல சட்டங்கள் செய்வது அசிடேட்டால்தான், நாம் நூலில் சோதித்த அதே குடும்பம். கொதிநீரும் ஆகாது, சூட்டில் பூச்சு விரிசல் விடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மூன்று நாலு மணி நேரம் மூழ்கவைத்து, தண்ணீருக்குள்ளேயே கட்டைவிரல் நகத்தால் பொட்டின் ஓரத்தை ஒரே திசையில் தள்ளிப் பாருங்கள். காயம்படாத கையால் செய்யுங்கள். பூச்சு மிக வழவழப்பானதாக இருந்தால் பொட்டு முழுசாக விழுந்துவிடும். விழாவிட்டால் மறுநாளும் ஊறவையுங்கள். அப்போதும் அசையாமல், பார்வைக்கு நேராகவும் இருந்தால், சுரண்டாமல் கண்ணாடி செய்தவரிடமே கொண்டுபோங்கள். பூச்சு போன லென்ஸை மாற்ற வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னால் அது பெரும்பாலும் உண்மைதான். பொட்டு ஓரமாக இருந்தால் விட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

அசிட்டோன் நனைந்த பஞ்சையும் துணியையும் உடனே குப்பைத்தொட்டிக்குள் அமுக்காதீர்கள். வெளியே, நெருப்பில்லாத இடத்தில் விரித்துப்போட்டுக் காய்ந்த பிறகு எறியுங்கள்.